பாஸ்புக் போட்டோவில் ஒரு பவுன்ஸ்

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் மாவு மில் வைத்திருப்பவர் கடன் கேட்டு வருகிறார். புது அரைவை இயந்திரம் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம் கேட்டால், பாஸ்புக்கைக் கல்லாப்பெட்டி மேல் விரித்து வைத்து, செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரல். இன்னொன்றில் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு. தையல் போட்ட நடுமடிப்பில் எழுத்துகள் வளைந்து உள்ளே போய்விடுகின்றன. ஊசி பிரிண்டரின் மை தீரும் நேரத்தில் அச்சான வரிகள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கின்றன.

வங்கியே தரும் பிடிஎஃப் ஸ்டேட்மென்ட் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிறு கடன் கேட்டு வரும் பலருக்கு நெட் பேங்கிங் கிடையாது, பாஸ்புக்தான் கணக்கு. எனவே கடன் மதிப்பீட்டு மேசையில் இருப்பவர் அந்தப் படங்களிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்தாக வேண்டும். கணக்கில் மாதம் சராசரியாக எவ்வளவு பணம் நின்றது? கொடுத்த வாக்குப்படி போக வேண்டிய பணம் எத்தனை முறை போகாமல் திரும்பியது? கடன் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு. இந்த மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டையும் தப்பாக எடுப்பது மிகச் சுலபம். தப்பின் விலையைக் கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருப்பவர்.

மில்காரரின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக வரிகளைக் குறைத்து, எண்களைச் சற்று எளிதாக்கியிருக்கிறேன். மே 31 அன்று கணக்கில் இருந்தது 6,200 ரூபாய். 2025 ஜூன் மாதப் பக்கம் இது:

| தேதி | விவரம் | பற்று | வரவு | இருப்பு |
|---|---|---|---|---|
| 04 | CASH DEP | | 25,000 | 31,200 |
| 05 | ACH D | 8,640 | | 22,560 |
| 09 | CHQ PAID | 22,100 | | 460 |
| 12 | CLG CHQ DEP | | 15,000 | 15,460 |
| 13 | O/W CHQ RTN | 15,000 | | 460 |
| 13 | CHQ RTN CHG+GST | 118 | | 342 |
| 18 | CASH DEP | | 12,000 | 12,342 |
| 18 | ACH RTN CHG 150625 | 590 | | 11,752 |
| 19 | UPI DR | 4,200 | | 7,552 |
| 25 | NEFT CR | | 40,000 | 47,552 |
| 27 | CASH WDL | 38,000 | | 9,552 |

இப்படிச் சுத்தமாகக் கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. படத்தில் இதே பக்கம் சாய்ந்து கிடக்கும். எனவே சராசரியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, படித்தது சரிதானா என்று பார்ப்பது. பாஸ்புக்கில் அதற்கான சாவி பாஸ்புக்குக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய வரியின் இருப்போடு இந்த வரியின் வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால், இந்த வரியின் இருப்பு வர வேண்டும். எக்ஸெலில் பற்று C பத்தி, வரவு D, இருப்பு E என்று தட்டியிருந்தால், பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டு கீழ்வரை இழுத்தால் போதும்:

```
=E2+D3-C3-E3
```

எல்லா வரியிலும் பூஜ்ஜியம் வர வேண்டும். வராத வரியில் ஏதோ ஒன்றைத் தப்பாகப் படித்திருக்கிறோம். என்ன தப்பு என்பதையும் அந்த வித்தியாசமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஜூன் 9ஆம் தேதி வரியைப் பாருங்கள். இருப்பு 460 ரூபாய். பாஸ்புக்கில் அது 460.00 என்று அச்சாகியிருக்கும். ஊசி பிரிண்டரின் புள்ளி போட்டோவில் மறைந்துவிட்டால் கண் அதை 46000 என்று படிக்கும். அசதியான ஒரு மாலையில் நானே இப்படிப் படித்திருக்கிறேன். சரிபார்க்கும் பத்தியில் 45,540 என்ற வித்தியாசம் வந்து நிற்கும். அதை 99ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 460. பைசாப் புள்ளி தொலைந்தால் தொகை நூறு மடங்காகிவிடுகிறது. நூறு மடங்குக்கும் ஒரு மடங்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தொண்ணூற்றொன்பது மடங்கு. அவ்வளவுதான் சூட்சுமம். அந்த 460 மூன்று நாள் கணக்கில் நின்றது. 46,000 என்றே விட்டிருந்தால், அந்த ஒற்றைப் புள்ளி மாதச் சராசரியை 4,554 ரூபாய் தூக்கியிருக்கும்.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், அதாவது 22,560ஐ 22,650 என்று தட்டிவிட்டால், வித்தியாசம் 90. இப்படி மாறும் எல்லாத் தப்பும் 9ஆல் மீதியின்றி வகுபடும். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் தப்புத் தேட வைத்திருந்த அதே வழி. வித்தியாசம் ஒரு தொகைக்குச் சரியாக இரு மடங்காக வந்தால், வரவைப் பற்றுப் பத்தியில் போட்டிருக்கிறோம் என்று பொருள். 18ஆம் தேதி வந்த 12,000த்தைப் போனதாகக் கொண்டால் வித்தியாசம் 24,000. சாய்ந்த படத்தில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பற்றுக்கும் வரவுக்கும் நடுவில் கோடே இல்லாத பாஸ்புக்குகள் உண்டு. விவரப் பத்தியில் ஒரே பதிவு இரண்டு மூன்று வரிக்கு மடிந்து ஓடும்போது, தொகை எந்த விவரத்துக்கு உரியது என்பதும் ஒரு வரி கீழே வழுக்கிவிடும். அந்த வழுக்கலை மட்டும் இந்தச் சூத்திரம் பிடிக்காது. தொகை சரியாக இருக்கும், பெயர் மாறியிருக்கும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

விடுபட்ட பக்கத்தையும் இதே சரடுதான் காட்டிக்கொடுக்கும். இந்தப் பக்கம் 13ஆம் தேதி 342 ரூபாயோடு முடிந்து, அடுத்த படம் 18ஆம் தேதியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நான்கு நாள் காணோமே, ஒரு பக்கத்தை மறைத்துவிட்டாரோ என்று சந்தேகம் வரும். 18ஆம் தேதி வரவான 12,000த்தை அன்றைய இருப்பு 12,342லிருந்து கழித்தால் 342. சரடு அறுபடவில்லை. அந்த நாட்களில் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவே. செல்போன் செயலியிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல செயலிகளில் புதிய பதிவு மேலேயும் பழையது கீழேயும் இருக்கும். சரட்டைக் கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும்.

இனி சராசரி. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் செய்வது, இருப்புப் பத்தியை மொத்தமாகக் கூட்டி வரிகளின் எண்ணிக்கையால் வகுப்பது. நம் பக்கத்தில் பதினொரு வரிகள். கூட்டினால் 1,59,232, வகுத்தால் 14,475 சொச்சம். பார்க்க நியாயமாகத் தெரியும் இந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. 12,342 என்ற இருப்பு 18ஆம் தேதி சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நின்றிருக்கும். அதற்கும் ஒரு ஓட்டு. 7,552 ஆறு நாள் நின்றது. அதற்கும் ஒரே ஓட்டு. ஒரு நாளில் பத்து யுபிஐ வரவு வரும் கடைக்காரருக்கு அந்த ஒரு நாள் பத்து நாளாகிவிடும்.

வங்கி தன் குறைந்தபட்ச இருப்பு விதிக்காக மாதச் சராசரியைக் கணக்கிடும்போது ஒவ்வொரு நாளின் முடிவிலும் நின்ற இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறது. பதிவே இல்லாத நாளுக்கு முந்தைய நாளின் இருப்புதான் இருப்பு. நாமும் அதையே செய்வோம். ஒன்று முதல் மூன்றாம் தேதி வரை மே மாதத்திலிருந்து வந்த 6,200 நிற்கிறது. மூன்று நாளுக்கு 18,600. இந்த முதல் மூன்று நாட்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஜூன் பக்கத்தில் அவற்றுக்கு வரியே இல்லையென்பதால். நான்காம் தேதி ஒரு நாள் 31,200. ஐந்து முதல் எட்டு வரை நான்கு நாள் 22,560, அதாவது 90,240. ஒன்பது முதல் பதினொன்று வரை மூன்று நாள் 460, அது 1,380. பன்னிரண்டு ஒரு நாள் 15,460. பதின்மூன்று முதல் பதினேழு வரை ஐந்து நாள் 342, அது 1,710. பதினெட்டு ஒரு நாள் 11,752. அடுத்த ஆறு நாள் 7,552, அது 45,312. இருபத்தைந்து, இருபத்தாறு இரண்டு நாள் 47,552, அது 95,104. கடைசி நான்கு நாள் 9,552, அது 38,208. நாட்களைக் கூட்டினால் முப்பது வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொகைகளைக் கூட்டினால் 3,48,966. முப்பதால் வகுத்தால் 11,632 ரூபாய்.

கடன் கொடுக்கும் பல நிறுவனங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு மாதமும் 5, 15, 25 ஆகிய மூன்று தேதிகளின் இருப்பை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். கையால் கணக்குப் போட்ட காலத்தின் குறுக்குவழி. தவணைகள் பெரும்பாலும் இந்தத் தேதிகளை ஒட்டியே விழுவதால், அன்றைக்குப் பணம் நிற்கிறதா என்று பார்ப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நம் மில்காரருக்கு இதைப் போட்டால் 22,560, 342, 47,552, சராசரி 23,485. நாள்தோறும் கணக்கிட்டதைப் போல இரு மடங்கு! ஒரே கணக்கு, ஒரே மாதம். இருபத்தைந்தாம் தேதி வந்து இருபத்தேழாம் தேதி போன 40,000 ரூபாய் தற்செயலாக அந்த மூன்று தேதிகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டதுதான் காரணம். தற்செயலாக இல்லாமலும் அப்படிப் பணம் வந்து உட்காரும். எந்தத் தேதியைப் பார்ப்பார்கள் என்று தெரிந்த தரகர்கள், அந்த நாளில் யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் போடச் சொல்வதுண்டு. மூன்று தேதி முறை இன்னும் இருக்கும் இடங்களில்கூட, முப்பது நாள் கணக்கையும் ஒருமுறை போட்டு, இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போட்ட சராசரி சரிதானா என்று வெளியிலிருந்து சரிபார்க்க, சேமிப்புக் கணக்கில் ஒரு சாட்சி இருக்கிறது. வங்கி தரும் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டியைத் தினசரி இருப்பின் மேல்தான் வங்கிகள் கணக்கிடுகின்றன. அதற்கு முன்பு மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையிலான குறைந்தபட்ச இருப்பைப் பார்த்தார்கள். இன்று பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழும் வட்டித் தொகை, அந்தக் காலாண்டின் தினசரிச் சராசரியை வங்கியே நமக்காகக் கணக்கிட்டு வைத்ததற்குச் சமம்.

மில்காரரின் பாஸ்புக்கில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான வட்டியாக ஜூலை தொடக்கத்தில் 62 ரூபாய் வரவாகியிருக்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி 2.5 சதவீதம். காலாண்டில் 91 நாள். 62ஐ 365ஆல் பெருக்கி, 91ஆலும் 0.025ஆலும் வகுத்தால் ஏறக்குறைய 9,947 ரூபாய். நாம் போட்ட கணக்கில் ஏப்ரல் சராசரி 8,900, மே 9,330, ஜூன் 11,632. மூன்றையும் அந்தந்த மாத நாட்களோடு சேர்த்துப் பார்த்தால் 9,947. பொருந்துகிறது. வட்டி ரூபாய்க்கு முழுமையாக்கப்படுவதால் எண்பது தொண்ணூறு ரூபாய் முன்பின் இருக்கலாம்; கிளியரிங் முடியாத செக்கால் இன்னும் கொஞ்சம் விலகலாம். ஆனால் நம் சராசரி இருபதாயிரம் என்று காட்டி, வட்டி பத்தாயிரத்துக்குத்தான் வந்திருக்கிறது என்றால், ஒன்று நாம் புள்ளியைத் தொலைத்திருக்கிறோம், அல்லது யாரோ பக்கத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஒரு வரியைத் திருத்துபவர் சரடு அறாமலிருக்க எல்லா வரிகளின் இருப்பையும் திருத்திவிடலாம். வட்டியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நடப்புக் கணக்குக்கு வட்டி இல்லை, ஆகவே அங்கே இந்தச் சாட்சியும் இல்லை.

இப்போது பவுன்ஸ். இதில்தான் எனக்கு மிகுந்த அக்கறை. ஏனென்றால் சராசரியில் சில நூறு ரூபாய் தவறினால் கடன் தொகை கொஞ்சம் குறையும், பவுன்ஸ் எண்ணிக்கையில் தவறினால் கதவே சாத்தப்படும்.

ஜூன் பக்கத்தில் RTN என்ற எழுத்துகள் எத்தனை வரியில் இருக்கின்றன? மூன்று. 13ஆம் தேதி இரண்டு, 18ஆம் தேதி ஒன்று. விவரப் பத்தியில் RTN தேடி எண்ணும் ஆளோ மென்பொருளோ ‘ஒரே மாதத்தில் மூன்று பவுன்ஸ்’ என்று எழுதிவிடும். தொகை போய் அதே நாளில் அப்படியே திரும்பி வந்த ஜோடிகளை மட்டும் தேடுபவர் ‘பவுன்ஸே இல்லை’ என்று எழுதுவார். இரண்டுமே தப்பு. சரியான விடை ஒன்று.

திசையைப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கில் செக் இரண்டு விதமாகத் திரும்பும். நாம் யாருக்கோ கொடுத்த செக் நம் கணக்கில் பணமில்லாமல் திரும்புவது ஒன்று. யாரோ நமக்குக் கொடுத்து நாம் போட்ட செக், அவர் கணக்கில் பணமில்லாமல் திரும்புவது இன்னொன்று. முதலாவது நம் தவறு. இரண்டாவது நமக்கு நேர்ந்த நஷ்டம். பாஸ்புக்கில் I/W என்று இருந்தால் பெரும்பாலும் முதலாவது, O/W என்றால் இரண்டாவது. ஆனால் வங்கிக்கு வங்கி எழுதும் விதம் மாறும். சிலவற்றில் வெறுமனே CHQ RTN என்று மட்டும் இருக்கும். எழுத்தை நம்புவதைவிடப் பணம் போன வழியைப் பார்ப்பது நல்லது. முதலில் வரவு, பிறகு அதே தொகை பற்று என்றால், அது நாம் போட்ட செக். முதலில் பற்று, பிறகு அதே தொகை வரவு என்றால், அது நாம் கொடுத்த செக் அல்லது நம் தவணை. மில்காரர் 12ஆம் தேதி ஒரு செக் போட்டார், 15,000 வரவாயிற்று. 13ஆம் தேதி அதே 15,000 பற்றாயிற்று. யாரோ அவருக்குக் கொடுத்த செக் திரும்பியிருக்கிறது. அதற்கும் சேவைக் கட்டணம் அவரிடமே பிடித்திருக்கிறார்கள், 118 ரூபாய். ஆக, 13ஆம் தேதியின் இரண்டு வரியும் அவருடைய பவுன்ஸ் அல்ல.

18ஆம் தேதியின் 590 வேறு கதை. கடன் தவணைகளை இன்று பெரும்பாலும் நாச் என்ற தானியங்கி ஏற்பாடு வழியாகவே கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் ஏற்பாடு அது. குறித்த தேதியில் பணமில்லாவிட்டால், சில வங்கிகள் தவணையைப் பற்றெழுதி உடனே வரவெழுதித் திருப்பும். அப்போது ஜோடி வரிகள் தெரியும். வேறு சில வங்கிகள் எதையுமே எழுதாது. தவணை வந்து மோதியதற்கான ஒரே தடயம், பிறகு பிடிக்கும் அபராதக் கட்டணம்தான். அந்தக் கட்டணமும் அன்றே வராது. 15ஆம் தேதி கணக்கில் இருந்தது 342, கட்டணம் 590. பிடிக்கப் பணமில்லை. 18ஆம் தேதி 12,000 வந்து விழுந்ததும் பிடித்துக்கொண்டார்கள். விவரத்தில் இருக்கும் 150625 என்ற ஆறு இலக்கம் ரசீது எண் அல்ல, தவணை திரும்பிய நாள்: 15-06-25. போட்டோவில் இந்த இலக்கங்கள் மங்கியிருந்தால் பவுன்ஸ் 18ஆம் தேதி நடந்ததாக எழுதிவிடுவோம். அன்று கணக்கில் பன்னிரண்டாயிரம் இருந்ததே, ஏன் திரும்பியது என்று பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்வோம்.

விவரமே படிக்க முடியாமல் அழிந்துபோனாலும் 590 என்ற எண் பேசும். வங்கிக் கட்டணங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. சந்தேகப்படும் சிறு பற்று எதையும் 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் அது வங்கிக் கட்டணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 590 என்பது 500. 295 என்பது 250. 118 என்பது 100. ஆனால் கட்டணம் எல்லாம் பவுன்ஸ் அல்ல. 17.70 வந்தால் 15 ரூபாய். எஸ்எம்எஸ் கட்டணமாக அடிக்கடி பார்க்கும் எண். 23.60 என்றால் 20 ரூபாய். ஏடிஎம்மில் இருப்பைவிட அதிகம் எடுக்கப் பார்த்து மறுக்கப்பட்டதற்குப் பிடிப்பதாக இருக்கலாம். குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணமும் உண்டு, தவணைக்கான சம்மதத்தைப் பதிவு செய்ததற்கும் ஒரு கட்டணம் உண்டு. யுபிஐ பணம் போகாமல் திரும்பி வந்தால் அதுவும் பற்று, வரவு என்று ஜோடியாகத்தான் தெரியும். அதற்குப் பவுன்ஸ் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. ஒரே கட்டணம் துண்டு துண்டாகப் பிடிபடுவதையும் பார்த்திருக்கிறேன்: இருந்த 342ஐ முதலில் எடுத்து, மீதி 248ஐப் பணம் வந்ததும் எடுப்பது. இரண்டு வரி, ஒரு பவுன்ஸ். கட்டணம் ஒரு வரியும் ஜிஎஸ்டி வேறு வரியுமாக வந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கல், தவணை ஒருமுறை திரும்பினால் கடன் கொடுத்த நிறுவனம் சில நாளில் மறுபடியும் அனுப்பிப் பார்க்கும். மூன்று முறை அனுப்பினால் மூன்று கட்டணம் விழும். தவறிய தவணை ஒன்றுதான். எத்தனை முறை மோதியது என்பதையும் எத்தனை தவணை தவறியது என்பதையும் தனித்தனியாக எழுதுவதே முறை. மில்காரர் விஷயத்தில் மறுபடியும் அனுப்பவில்லை. 19ஆம் தேதி 4,200 ரூபாய் யுபிஐ வழியாகப் போயிருக்கிறது. அது அந்தத் தவணைதான் என்பதை எப்படி உறுதி செய்வது? ஏப்ரல், மே பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு மாதமும் 15ஆம் தேதி ACH D என்று 4,200 போயிருந்தது. ஜூன் 15ல் அது இல்லை. வழக்கமாக இருக்க வேண்டிய வரி இல்லாமல் போவதும் ஒரு பதிவுதான்.

இப்போது அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். 5ஆம் தேதி முதல் கடனின் தவணை போயிற்று. 9ஆம் தேதி கோதுமை வியாபாரிக்குக் கொடுத்த 22,100 செக் பாஸாயிற்று. கையில் 460. 12ஆம் தேதி போட்ட செக்கில் 15,000 வந்தது. அது நின்றிருந்தால் 15ஆம் தேதித் தவணையான 4,200 சிரமமின்றிப் போயிருக்கும். 13ஆம் தேதி அது திரும்பிவிட்டது. அடுத்தவர் செக் திரும்பியதால் இவர் தவணை திரும்பியது. மூன்று பவுன்ஸ் என்று எழுதும் ஆள், நஷ்டப்பட்டவரையே மூன்று முறை தண்டிக்கிறார்.

போனில் கேட்டேன்.

“அண்ணே, 13ஆம் தேதி ஒரு செக் திரும்பியிருக்கே, யாரோடது?”

“ஓட்டல்காரர் ஒருத்தர் தம்பி. மூணு மாச மாவுக் காசு. போய் நின்னேன், பதினெட்டாம் தேதி பன்னெண்டாயிரம் ரொக்கமாக் குடுத்தாரு. மிச்சம் மூவாயிரம் இன்னும் வரல.”

“இருபத்தஞ்சாம் தேதி வந்த நாப்பதாயிரம்?”

“சீட்டு எடுத்தேன் தம்பி. பொண்ணு காலேஜ் ஃபீஸ். மறுநாள்விட்டு மறுநாள் எடுத்துட்டேன்.”

திரும்பிய செக்குக்குச் சட்டத்தில் வழி உண்டு என்பதை அவரிடம் சொன்னேன். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அவர் சிரித்தார். அந்த ஓட்டல் தினமும் மாவு வாங்கும் கடை. நோட்டீஸ் அனுப்பினால் வியாபாரம் போய்விடும்.

பிறகு கணக்கை மறுபடி திருத்தினேன். திரும்பிய செக்கின் 15,000 ஒரு நாள் கணக்கில் நின்றது. அது அவர் பணமே அல்ல, எடுத்துவிட வேண்டும். சராசரி 11,132 ஆகிறது. சீட்டுப் பணம் வியாபாரத்தில் வந்ததல்ல, மாதாமாதம் வரப்போவதும் அல்ல. 40,000 வரவையும், அதிலிருந்து எடுத்த 38,000த்தையும் சேர்த்து நீக்கினால் மாதச் சராசரி 8,199. மூன்று தேதி முறையில் வந்த 23,485ல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் மெய்யாக நின்றது. அவருக்காக வாதாட எனக்கு ஆசை இருந்தது உண்மைதான். ஆனாலும் இந்தக் கழித்தலையும் அதே கையால்தான் செய்தாக வேண்டும். அவர் கேட்ட கடனுக்குத் தவணை மாதம் 9,500 வரும். 8,199 சராசரி நிற்கும் கணக்கு அதைத் தாங்காது. தவணை 5,000த்துக்குள் அடங்கும்படி தொகையைக் குறைக்கப் பரிந்துரைத்தேன்.

தேதியும் முக்கியம். ஏப்ரல், மே பக்கங்களிலும் 9 முதல் 17 வரை இருப்பு ஆயிரத்தைத் தாண்டவில்லை, 15ஆம் தேதித் தவணை போகும் அந்த ஒரு நாளைத் தவிர. கோதுமைக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஓட்டல்களிலிருந்து வசூலாகும்வரை அவர் கணக்கு ஒவ்வொரு மாதமும் வறண்டுதான் கிடக்கிறது. அறிக்கையின் குறிப்பில் இப்படி எழுதினேன்: ‘ஜூனில் தவணை பவுன்ஸ் 1, காரணம் வாடிக்கையாளர் செக் திரும்பியது, 4 நாளில் கட்டப்பட்டது. போட்ட செக் திரும்பியது 1. புதிய தவணைத் தேதி 5, 15 வேண்டாம்.’

மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு போட்டோ வந்தது. ஜூலை மாதப் பக்கம். இந்த முறை பாஸ்புக்கை வாசல் திண்ணையில், வெயில் வெளிச்சத்தில் விரித்து, நான்கு மூலையும் தெரிய எடுத்திருந்தார். ஓட்டல்காரரின் மூவாயிரம் வரவாகியிருந்தது.